அறுபத்துமூன்று சேலையும் ஒரு வெள்ளைச் சட்டையும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேர் கடல் கடந்து போய்விட்டார்கள். கடைசி மகன் மட்டும் என்னோடு உரும்பிராயில் இருக்கிறான். அவனோடு அவன் பெண்சாதியும், ஆறாம் வகுப்புப் படிக்கிற அவர்களுடைய மகளும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தான் தூக்கி வைப்பேன். அவசரம் இல்லை. இதை எழுதத் தொடங்கி இன்றோடு பதினொரு நாள்.

எழுத வேண்டி வந்த காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் அலுமாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னிடம் மூன்று அலுமாரிகள். மூன்றிலும் சேலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரமுன் தொலைபேசியில், "அம்மா, உங்களுக்கு என்ன கொண்டு வாறது?" என்று கேட்பார்கள். "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று சொல்வேன். முப்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் தாய்க்கு என்ன கொண்டுவருவது? சேலைதான். லண்டனில் இருப்பவள் சேலை கொண்டுவந்தால், ரொறன்ரோவில் இருப்பவள் அதைவிடக் கரை அகலமான சேலை கொண்டுவருவாள். ஆண்பிள்ளைகள் மனைவிமாரின் கையில் பொறுப்பைக் கொடுப்பார்கள். மனைவிமார் தங்களுக்கு வாங்கிப் பிடிக்காமல் போனதைக் கொடுப்பார்கள். இப்படியாக அறுபத்துமூன்று சேலைகள் சேர்ந்தன. ஊரில் என்னைவிட அதிகம் வைத்திருப்பவர் புடவைக்கடைக்காரர் மட்டும்தான்.

ஆனால் வெளியே சொல்லாத ஒன்று இருந்தது. அறுபத்துமூன்று சேலைக்கும் என் உடம்பில் ஏறும் சட்டை ஒன்றே ஒன்றுதான்.

போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு நாலு மாதம் கதிரையிலும் கட்டிலிலும் இருந்தேன். பிள்ளைகள் அனுப்பிய சத்துமாவெல்லாம் கரைத்துக் குடித்தேன். கட்டைக் கழற்றியபோது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. உடம்போ எல்லாப் பக்கமும் எழும்பியிருந்தது. பழைய சட்டைகள் கைமுட்டியோடு நின்றுவிட்டன.

ஏறிய ஒரே சட்டை வெள்ளை. அதன் கதையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தையல்காரி அளவு பிழைத்துப் பெரிதாகத் தைத்துவிட்டாள். "இதுக்குள்ளை ரெண்டு பேர் போகலாம், உமக்குத் தையல் ஆர் பழக்கினது?" என்று தேவாலய வாசலில் வைத்தே நாலு பேர் கேட்கப் பேசினேன். அந்தச் சட்டையை அலுமாரியின் அடியில் எறிந்தேன். இப்போது அதற்குள் ஒரு ஆள்தான் போகலாம். அந்த ஆள் நான்.

புதுச்சட்டை தைக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். யாரிடம் தைப்பது? அந்தத் தையல்காரியிடம் போனால் நாடாவை என் மேல் சுற்றிவிட்டு, அளவை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரிப்பாள். வேறு இடம் போக வேண்டுமென்றால் மருமகளிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்று தேவை என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவும் போக, "கலியாணத்துக்குத் தைச்ச அளவுதான் எனக்கு இண்டைக்கும்" என்று நான் மாதர் கூட்டத்தில் சொல்லித் திரிந்தவள். சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது?

ஆகவே ஒரு வெள்ளைச் சட்டையோடு ஓடினேன். வெள்ளை எல்லாச் சேலைக்கும் பொருந்தும். சனிக்கிழமை தோய்த்துக் காயப்போட்டு ஞாயிறு ஆராதனைக்கு உடுப்பேன். அதே சனிக்கிழமை செத்தவீடு வந்தால் சட்டை அங்கே போய்விடும். மழைக்காலமென்றால் ஞாயிறு காலை ஈரமாகக் கொடியில் தொங்கும். அந்த ஞாயிறுகளில் நான் கட்டிலில் இருந்துகொண்டு, "முழங்கால் நோகுது, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று சொல்வேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அப்படிப் போயிற்று.

எங்கள் போதகர் நல்ல மனுசன். என் முழங்காலுக்காகச் சபை நடுவே ஜெபம் பண்ணினார். ஒரு தடவை அல்ல, மாதக்கணக்காக. நோயாளிகளின் பட்டியலில் என் முழங்கால், இருதய ஒப்பரேசன் செய்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் நடுவில் இருந்தது. போதகரின் மனைவி வேறு, மாதர் கூட்டத்தில் என்னைக் காட்டி, "எவ்வளவு சீலை இருந்தும் அம்மா வெள்ளைச் சட்டையோடை எளிமையாய் வாறா, பாருங்கோ" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது என் தங்கச்சியின் பேத்திக்குக் கலியாணம் வந்தது. அச்சுவேலியில். தங்கச்சி என்னைவிட நாலு வயது இளையவள். அவள் ஆட்களைப் பார்க்கும்போது முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பாள். சேலைக் கரை, சட்டைக் கை, செருப்பு, பிறகுதான் முகம். அந்தக் கலியாணத்துக்கு வெள்ளைச் சட்டையோடு போகவும் முடியாது, முழங்காலைச் சொல்லிப் போகாமல் இருக்கவும் முடியாது. போகாவிட்டால் பொறாமை என்பாள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டணத்துக்குப் போய்ப் புதுச்சேலை ஒன்று வாங்குவது. புதுச்சேலை வாங்கினால் அதற்குச் சட்டை தைப்பது வழக்கம்தானே. யாழ்ப்பாணத்தில் முகம் தெரியாத தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டால், நான் எதையும் கேட்காமலே சட்டை வந்துவிடும். ஒரு சட்டைக்காக அறுபத்துநாலாவது சேலை. அப்போது அது புத்தியாகத்தான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னேன். "கலியாணத்துக்கு ஒரு சீலை எடுக்கவேணும் பிள்ளை. சனிக்கிழமை பட்டணம் போவம்."

மருமகள் பிட்டைக் குழைத்த கையை நிறுத்தினாள். "மாமி, அறுபத்துமூண்டு கிடக்கு."

"அதெல்லாம் உடுத்தது."

"முப்பதுக்கு மேலை மடிப்புக்கூட உடையேல்லை. போன மாசம் பூச்சிமருந்து வைச்சனான், எனக்குத் தெரியாதே?"

மகன் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிப் போனான். அவனுக்கு இந்த வீட்டில் எப்போது தாகம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

மருமகள் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். எதையும் கோடு போட்டுக் கட்டம் கட்டாமல் அவளால் செய்ய முடியாது. முந்தி அவளும் என்னைப்போலத்தான். ஒவ்வொரு காலையும் அலுமாரியைத் திறந்துவைத்து, "உடுக்க ஒண்டுமில்லை" என்று நின்றுவிட்டு பஸ்ஸைத் தவறவிடுவாள். உள்ளே பத்தொன்பது சுரிதார். ஒரு நாள் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். பதினொரு மேல்சட்டைக்குப் பொருந்தும் கால்சட்டை இல்லை, நாலு கால்சட்டைக்கு மேலே போட ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்தாள். அன்று கறுப்புக் கால்சட்டை இரண்டும் மண்ணிறத்தில் ஒன்றும் மட்டும் வாங்கிவந்தாள். அன்றிலிருந்து வேதம் கண்டவள் மாதிரி. கடைக்குப் போகமுன் இல்லாததை எழுத வேண்டும், எழுதாததை வாங்கக்கூடாது.

"ஓம் மாமி, போவம்," என்றாள். "முதல்லை பட்டியல் போடுவம். என்ன இல்லையெண்டு தெரியாமல் கடைக்குப் போனால், இருக்கிறதைத்தான் திருப்பி வாங்கிக்கொண்டு வருவம்."

என்ன இல்லை என்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை தேத்தண்ணீர் குடித்த கையோடு என் அறைக்கு வந்துவிட்டார்கள். மருமகளின் கையில் அடிமட்டம். பேத்தியின் கையில் கொப்பி. மகனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நான் கட்டிலில் நிமிர்ந்து இருந்தேன்.

"முதல்லை சீலையை விடுங்கோ," என்றாள் மருமகள். "ஒரு மாசத்திலை எங்கையெங்கை போறியள், எத்தினை தரம்? அதைச் சொல்லுங்கோ."

"நான் எல்லா இடமும் போறனான்."

பேத்தி எழுதப்போனாள். "அப்பம்மா, 'எல்லா இடம்' எண்ட ஊர் எங்கை இருக்கு?"

"வாயைப் பார்."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆராதனை, மாதத்துக்கு நாலு. மாதர் கூட்டம் ஒன்று. சீனிவருத்தத்துக்குக் கிளினிக் ஒன்று. செத்தவீடு இரண்டு மூன்று. என் வயதில் மனுசரைச் சந்திக்கிற இடம் செத்தவீடுதான். கலியாணம் மூன்று மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. பேத்தி இடத்தின் பெயர்களைக் கீழ்நோக்கி எழுதினாள். மேலே சேலை, சட்டை, உள்பாவாடை, செருப்பு, கைப்பை என்று தலைப்புப் போட்டாள்.

பிறகு சேலைகளை இடம் வாரியாகப் பிரித்தோம். அப்போது எனக்கே வெட்கம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போகிற கலியாணவீட்டுக்கு நாற்பத்தொரு சேலை. ஆராதனைக்குப் பதினாலு. செத்தவீட்டுக்கு வெள்ளையும் சாம்பலுமாய் எட்டு. கிளினிக்குக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் யாரும் கிளினிக்குக்கென்று சேலை வாங்கி அனுப்பமாட்டார்கள்தானே. மாதாமாதம் நான் சரிகைக் கரையோடு போய் வரிசை வாங்கில் உட்கார்ந்து சோதிக்க இரத்தம் கொடுத்திருக்கிறேன். தாதிமார் என்னைக் கலியாணவீட்டில் மயங்கி விழுந்து வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

"சரி, இனிச் சட்டை. போட்டுப் பாருங்கோ," என்றாள் மருமகள்.

"ஏன் போடவேணும்? எல்லாம் இருக்கு. எண்ணும்."

"எண்ணிறது கணக்கில்லை மாமி. உடம்பிலை ஏறினால்தான் இருக்கெண்டு எழுதலாம். போட்டு, கொளுக்கி கொளுவி, ஒருக்கால் இருந்து எழும்பி, கையைத் தூக்கிப் பாக்கவேணும்."

"எனக்கு முழங்கால் நோகுது."

"சட்டை முழங்காலிலையே போடுறது? இருந்துகொண்டு போடுங்கோ."

முதல் சட்டை பச்சைப் பட்டு. இடது கை போயிற்று. வலது கை முட்டியில் நின்றது. நான் ஜன்னலைப் பார்த்தேன். பேத்தி கேட்டாள், "அம்மா, இதுக்கு என்ன எழுதிறது? 'முட்டி வரைக்கும் இருக்கு' எண்டு எழுதவோ?"

இரண்டாவது மஞ்சள். முட்டி. மூன்றாவது மரூன். முட்டிக்குக் கீழே. நாலாவதை மருமகளே என் கையில் ஏற்றப் பார்த்தாள், அக்குளில் தையல் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் போடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அகலத்தைத் தன் கையால் அளந்து வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஜன்னலால் வெளியே கொடியைப் பார்த்தாள். அன்று சனிக்கிழமை. வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அவள் அலுவலகத்தில் விடுமுறைப் படிவங்கள் பார்க்கிறவள். யார் எந்த நாளில் வரவில்லை, அதற்கு முதல்நாள் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது அவளுக்கு வேலை.

"மாமி," என்றாள் மெதுவாக. "போன மாசம் கோப்பாயிலை செத்தவீடு சனிக்கிழமை."

நான் மடித்த சேலையையே திரும்பவும் மடித்தேன்.

"ஞாயிறு உங்களுக்கு முழங்கால்."

நான் முழங்காலில் இருந்த கையை எடுத்தேன்.

"அதுக்கு முதல் மாசம் மழை. ரெண்டு ஞாயிறும் முழங்கால்."

"காணும்," என்றேன்.

அவள் சிரித்திருந்தால் நான் அன்று லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தபடி கதவைத் திறந்து வெளியே போனாள். குசினிக்குள் போய்ச் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் அலுவலக முகமாக இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாள். "நீயும் வாயைத் திறக்கப்படாது," என்று மகளுக்கும் சொன்னாள். "ஆனால் மாமி, இவ்வளவு நாளும் என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"என்னத்தைச் சொல்லுறது? எனக்குச் சட்டை இல்லை எண்டோ? ஏழு பிள்ளை பெத்தவள் கையேந்திறதோ?"

"மருமகளிட்டைச் சட்டை கேக்கிறது கையேந்திறதோ?"

நான் கொப்பியில் கோடு வளைந்திருக்கிறது என்று பேத்தியை ஏசினேன்.

அன்று மத்தியானம் வரை சட்டைகளை மூன்று குவியலாக்கினோம். அப்படியே போடக்கூடியது ஒரு குவியல். அதில் ஒன்றும் இல்லை, கொடியில் இருந்ததைத் தவிர. திருத்தக்கூடியது இன்னொன்று. சட்டையை உட்பக்கம் திருப்பிப் பார்த்தால் விலாவிலும் கையிலும் தையலுக்கு வெளியே துணி மடித்து விட்டிருக்கும். அப்படி இரண்டு விரல் அகலம் துணி மிஞ்சியிருந்த ஆறு சட்டை கிடைத்தது. தையலைப் பிரித்து அகட்டினால் ஏறும். மிச்சமெல்லாம் துணியே இல்லாமல் ஒட்ட வெட்டினவை. அவை மூன்றாவது குவியல், மெலிந்தவர்களுக்கு.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு சேலைகளுக்குள் இருந்தது. மடிப்புக் குலையாத சேலைகளை விரித்தபோது முந்தானைக்கு மறுமுனையில் சட்டைத்துணி சேர்ந்தபடி கிடந்தது. வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை. முப்பத்துநாலு சட்டைக்குத் துணியை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு நான் ஒரு சட்டையோடு திரிந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

பேத்தி பட்டியலை உரத்து வாசித்தாள். "கலியாணம்: சீலை இருக்கு, இளம்பொன் பட்டு. சட்டை இல்லை, சீலையிலை துணி இருக்கு, தைக்கவேணும். உள்பாவாடை இல்லை."

"ஒன்பது உள்பாவாடை கிடக்கு," என்றேன்.

"எல்லாம் கடும் நிறம் மாமி. இளம்பொன்னுக்குக் கீழை கறுப்பைக் கட்டினால் நிழல் மாதிரித் தெரியும்."

தங்கச்சியின் கண்ணை நினைத்தேன். "எழுது," என்றேன்.

கடைசியில் கடையில் வாங்க வேண்டியது நாலுதான். கிளினிக்குக்கு லேசான பருத்திச் சேலை ஒன்று. வெண்பழுப்பு நிற உள்பாவாடை ஒன்று. குதிக்காலில் பட்டி உள்ள, வழுக்காத செருப்பு ஒரு சோடி. சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்க லைனிங் துணி. தைக்க வேண்டியது இரண்டு, அகட்ட வேண்டியது ஆறு. கலியாணச் சேலைக்கு நேரே பேத்தி ஒரு பெரிய முட்டை போட்டிருந்தாள்.

அடுத்த நாள் ஞாயிறு என்றபடியால் திங்கட்கிழமை மருமகள் அரைநாள் விடுமுறை எடுத்தாள். பின்னேரம் ஓட்டோவில் பட்டணம் போனோம். முதலில் தையல்கடை. தைப்பவர் எனக்கு முன்பின் தெரியாத மனுசி. நாடாவைச் சுற்றினா, எழுதினா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கை தூக்க ஏலாதெண்டால் அக்குளிலை கொஞ்சம் தாராளமாய் விடுறன் அம்மா, முன்னாலை பெரிய கொளுக்கி வைக்கிறன்," என்றா. இவ்வளவுதானா விசயம் என்று எனக்கு இருந்தது. ஒரு வருடம் நான் பயந்தது இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்.

பிறகு புடவைக்கடை. வாசலிலேயே ஒரு பெடியன் பிடித்துக்கொண்டான்.

"வாங்கோ அம்மா, கலியாணத்துக்கோ?"

"கிளினிக்குக்கு."

அவனுக்கு விளங்கவில்லை. "மேல்மாடியிலை கலியாணப் பட்டு புதுசாய் வந்திருக்கு அம்மா."

"தம்பி, எனக்கு இரத்தம் குடுக்கப் போற சீலை வேணும். பருத்தி. மணிக்கணக்காய் இருந்து கசங்கினாலும் பரவாயில்லாதது."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோனான். என் வாழ்நாளில் புடவைக்கடையில் கீழ்த்தட்டில் நான் இருந்ததில்லை. சேலைகளை மேசையில் விரித்தெறிந்தான். நான் பட்டியலைக் கையில் பிடித்தபடி இருந்தேன். நீலத்தில் சிறு கட்டம் போட்ட ஒன்றை எடுத்தேன். அகட்டக் கொடுத்த சட்டைகளில் மூன்றோடு அது பொருந்தும் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். அதுவும் மருமகளின் சட்டம்: வாங்குவது எதுவும் வீட்டில் இருக்கிற மூன்றோடாவது சேர வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் மருமகளைக் காணவில்லை.

மேல்மாடியில் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். தோளில் மயில்நிறப் பட்டு. அங்கே நின்ற வேறொரு கடைப்பெடியன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கெண்டே நெய்தது," என்றான்.

"பிள்ளை," என்றேன், படியில் மூச்சு வாங்கியபடி. "உது உம்மடை பட்டியலிலை எந்த இடத்துக்கு?"

"இல்லை மாமி, சும்மா பாத்தனான்."

"போட்டுப் பாத்தால்தான் இருக்கெண்டு எழுதலாமெண்டீர். எழுதினீரோ?"

"அலுவலகத்திலை விழா ஒண்டு வருமெண்டு..."

"வந்ததோ?"

"வரும் மாமி."

"எழுதாததைப் பாத்தால் ஒரு கிழமை பொறுக்கவேணுமெண்டதும் நீர்தானே?"

பெடியன் முந்தானையை விட்டுவிட்டான். மருமகள் சேலையைத் தோளிலிருந்து எடுத்தாள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மேசையில் வைத்தாள். உள்பாவாடையும் செருப்பும் வாங்கி, லைனிங்கை வாங்கித் தையல்கடையில் கொடுத்துவிட்டு வீடு வரும்வரை அவள் ஓட்டோவின் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அன்று முழங்கால், கை, ஒன்றும் நோகவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸால் இறங்கியவளின் கைப்பை வழக்கத்தைவிடத் தடித்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய கொப்பியைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில், மை காயாத எழுத்தில், 'அலுவலக விழா, பட்டு, மயில்நிறம், ஒன்று' என்று இருந்தது. இல்லாததை எழுதி வாங்குவது ஒரு முறை. வாங்கிவிட்டு இல்லாததை எழுதுவது அரசாங்க முறை.

கலியாணம் அச்சுவேலித் தேவாலயத்தில். இளம்பொன் பட்டு, அதன் துணியிலேயே தைத்த சட்டை. கை சுகமாகப் போய்வந்தது. தங்கச்சி வாசலில் நின்றாள். கரையைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பார்த்தாள், கீழே நிழல் தெரிகிறதா என்று பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். பிறகு முகம்.

"அக்கா! புதுச்சீலையோ?"

"சீலை பழசு. சட்டைதான் புதுசு."

"முழங்கால் எப்பிடி? படியெல்லாம் ஏறி வாறாய்?"

"பரவாயில்லை."

"நான் குடுத்துவிட்ட எண்ணெய்தானே?" அவள் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். "அக்காவின்ரை முழங்காலுக்கு நான்தான் எண்ணெய் காய்ச்சிக் குடுத்தது. ஒரு வருசமாய் ஏலாமல் கிடந்தவ. பாருங்கோ இப்ப!"

அந்த எண்ணெயை நான் அலுமாரிக் கதவு கிறீச்சிடாமல் இருக்கத்தான் பாவித்தேன். சொல்லவில்லை.

இப்போது என்னிடம் ஏறும் சட்டைகள் ஒன்பது. மழை பெய்தாலும், சனிக்கிழமை செத்தவீடு வந்தாலும், ஞாயிறு நான் தேவாலயத்தில் இருந்தேன். தொடர்ந்து ஆறு ஞாயிறு. ஆறாவது ஞாயிறு போதகர் என்னைப் பார்த்தார். கண்களில் ஒளி வந்தது.

"சபையாரே, மாதக்கணக்காக நாங்கள் ஜெபித்த முழங்காலைக் கர்த்தர் தொட்டிருக்கிறார்!"

எல்லோரும் திரும்பினார்கள். சிறுநீரகம் பழுதான மனுசன் முன்வாங்கில் இருந்தார். அவரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் பண்ணுகிறவர். அவர் சிரித்ததில் பொறாமை இல்லை. எனக்கு நடந்தால் தனக்கும் நடக்கலாம் என்று நினைத்த சிரிப்பு அது. நான் பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"வாற மாதம் முதல் ஞாயிறு அம்மா சாட்சி சொல்லுவா," என்று போதகர் அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள், "மாமி, பொய் சொல்லாமலே சொல்லலாம்," என்றாள். "'எனக்கு ஒரு குறை இருந்தது, அது தீர்ந்தது' எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுங்கோ. அது உண்மைதானே?"

எழுதுவினைஞர் பேச்சு. உண்மையும்தான், பொய்யும்தான். அப்படியே சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். மானம் தப்பியிருக்கும். தையல்காரிக்குத் தெரிந்திருக்காது, தங்கச்சியின் எண்ணெய்க்குப் பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அந்த மனுசனின் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? என் முழங்காலுக்குச் செய்த ஜெபத்தையெல்லாம் அவருக்கல்லவா செய்திருக்க வேண்டும்?

அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன். இதுதான் என் சாட்சி. எனக்கு முழங்காலில் ஒரு நோவும் இருக்கவில்லை. எனக்குச் சட்டை இருக்கவில்லை. சட்டை வேண்டும் என்று கேட்க வாயும் இருக்கவில்லை. பட்டியலில் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதற்குக் கட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

சேலைகளில் நாற்பதை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. போன கிழமை ரொறன்ரோவில் இருப்பவள் எடுத்து, "அம்மா, நத்தார்ப் பண்டிகைக்கு வாறம், என்ன கொண்டு வாறது?" என்று கேட்டாள். வாய் வழக்கம்போல் 'ஒண்டும்' என்று தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன். "காலிலை போட மெத்தெண்ட மேசு ரெண்டு சோடி, மாபிள் தரை குளிருது," என்றேன். அவள், "அம்மா, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் குரல் சபையில் எட்டாது. எழுத்துக் கூட்டி வாசிக்கப்போனால் ஆராதனை முடிந்துவிடும். பேத்தியை வாசிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், நான் பக்கத்தில் நிற்பேன். தையல்காரியைப் பற்றி எழுதிய இடத்தில் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

பிள்ளை, இஞ்சை வா. கொப்பியைப் பிடி. எழுத்துப்பிழைக்குச் சிரிக்காதை. முதலிலை இருந்து வாசி பாப்பம், சேர்ச்சிலை வாசிக்கிற மாதிரிச் சத்தமாய். ஜன்னலைச் சாத்தவேண்டாம், கேக்கிறவை கேக்கட்டும்.